தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும் வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுவது: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையின் மாநகராட்சிப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவு என்றால் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், பிள்ளைகள் தமிழில் யோசிப்பார்கள், ஆசிரியர் இரண்டிலும் பேசுவார். அந்த வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் நான்காம் வகுப்புக் கணக்கில் பின்னம் என்ற ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

எங்களது இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன். ஆனால் பாதி நேரம் தமிழில்தான் விளக்குகிறேன். இதைப் பாடக்குறிப்பில் எழுதலாமா, விட்டுவிடலாமா?

எழுதுங்கள். எழுதாமல் விட்டால் தமிழ் நிற்கப்போவதில்லை. அது எங்கே வரும் என்பதுதான் நம் கையில் இல்லாமல் போகும்.

எழுதாத வகுப்பில் தமிழ் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தலைகாட்டும். பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கும்போது ஒன்று, சத்தம் போடும்போது அதட்டுவதற்கு ஒன்று. ஆங்கிலம் புத்தகத்தை வாசிக்கும்போது மட்டும் வரும். இப்படியே சில மாதம் போனால், ஆங்கிலம் என்பது புரியத் தேவையில்லாத ஒரு சத்தம், விஷயம் என்று ஏதாவது இருந்தால் மிஸ் தமிழில் சொல்லிவிடுவார் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். மொழி மாறும் இடத்தை முன்கூட்டியே எழுதி வைத்தால், இரண்டு மொழிக்கும் ஆளுக்கொரு வேலை கிடைக்கிறது. குறிப்பில் ‘தமிழில் விளக்குதல்’ என்று ஒரு வரி போட்டால் போதாது. எந்தக் கட்டத்தில், எந்த வேலைக்கு, எத்தனை நிமிடம் என்பதையும் எழுத வேண்டும்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு உடனே தமிழிலும் சொல்கிறேன். யாரும் விடுபட மாட்டார்கள் இல்லையா?

பார்க்க அப்படித்தான் தெரியும். ஆனால் பிள்ளைகளின் காது வேறு மாதிரி வேலை செய்கிறது. அடுத்த நொடியே தமிழில் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு ஆங்கில வாக்கியத்தை எதற்காகக் கேட்க வேண்டும்? அமெரிக்காவில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்த வகுப்புகளைக் கவனித்தவர்கள் 1970-80களிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். தனக்குத் தெரிந்த மொழி வரும்வரை பிள்ளைகள் கவனத்தை அணைத்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வகுப்பில் இது நடக்கிறதா என்று சுலபமாகத் தெரிந்துகொள்ளலாம். ‘ஃபோல்ட் தி பேப்பர்’ என்று சொல்லிவிட்டு, தமிழில் சொல்லாமல் மூன்று நான்கு நொடி சும்மா நின்று பாருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், கைகளைப் பாருங்கள். ஒரு கைகூட காகிதத்தின் பக்கம் போகாமல், எல்லாரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால், அவர்கள் தமிழுக்காகக் காத்திருக்கிறார்கள்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னால் 40 நிமிட வகுப்பில் பாதி நேரம் நீங்களே பேசித் தீர்த்துவிடுவீர்கள். பிள்ளைகள் காகிதத்தை மடிக்கவும், ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்க்கவும் நேரம் இருக்காது.

அப்படியானால் எந்த இடத்தில் தமிழ், எந்த இடத்தில் இங்கிலீஷ்? ஏதாவது விதி இருக்கிறதா?

வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றாமல் கட்டத்துக்குக் கட்டம் மாற்றுங்கள். முதலில் பிள்ளைகளுக்குப் பலமான மொழியில் முன்னோட்டம். நடுவில் பாடமொழியில் வேலை. கடைசியில் மறுபடி பலமான மொழியில், ஆனால் இந்த முறை பிள்ளைகள் வாயால், திரும்பிப் பார்த்தல். இருமொழி வகுப்புகளில் நெடுநாளாகப் புழங்கும் ஏற்பாடு இது.

இதோடு இன்னொரு யோசனையைச் சேர்த்துக்கொள்ளலாம். வேல்ஸ் நாட்டில் 1990களில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர், வெல்ஷும் ஆங்கிலமும் கலந்த வகுப்புகளுக்கு ஒரு முறையை எழுதினார். ஒரு மொழியில் கேட்டதை அல்லது படித்ததை இன்னொரு மொழியில் சொல்லவோ எழுதவோ வைப்பது. ஒரு மொழியில் கேட்டு அதே மொழியில் ஒப்பித்தால் புரியாமலே தப்பிக்கலாம். மொழி மாற்றிச் சொல்ல வேண்டுமென்றால் விஷயம் தலைக்குள் போயே ஆக வேண்டும். நம் வகுப்புக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆங்கிலத்தில் செய்ததைப் பக்கத்தில் இருப்பவளுக்குத் தமிழில் சொல் என்று கேட்டால், அந்தப் பிள்ளைக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, ஒரு பாடத்துக்கு முழுதாக எழுதிக் காட்டுங்கள்.

நான்காம் வகுப்பு, 40 நிமிடம், பின்னத்தின் முதல் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். வடசென்னையில் ஒரு பள்ளி. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் தமிழ். நாலைந்து பேர் வீட்டில் தெலுங்கு. கட்டட வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், இந்தி பேசுபவர்கள். கற்றல் விளைவை ஒரே வரியில் எழுதுங்கள்: முழுப்பொருளைச் சம பங்குகளாகப் பிரித்து, எடுத்த பங்குகளை 3/4 போன்ற பின்னமாக எழுதுவர், ஆங்கிலத்தில் வாசிப்பர். அதற்குக் கீழே மொழிக்கென்று தனியாக ஒரு வரி: ஃபோல்ட், ஷேட், ஈக்வல், ஃபோர்த் என்ற நான்கு சொற்களைச் செய்கையோடு புரிந்துகொள்வர். நான்குக்கு மேல் வேண்டாம். நியூமரேட்டர், டினாமினேட்டர் அடுத்த வகுப்புக்கு.

முதல் எட்டு நிமிடம் முழுக்கத் தமிழ். கால் கிலோ தக்காளி, அரை லிட்டர் ஆவின் பால், முக்கால் மணி நேரம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கலாம். பிறகு ஒரு நீளக் காகிதத்தை நான்காகக் கிழித்துக் காட்டுங்கள், வேண்டுமென்றே ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக. ‘இதில் ஒன்றை எடுத்தால் கால் பங்கா?’ என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கும் ஏன் இல்லை என்று சொல்ல வாய் வர வேண்டும். அந்த வாக்குவாதம் தமிழில்தான் நடக்கும். பின்னத்தில் பிள்ளைகள் பிறகு செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ‘சமமாக’ என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டதால் வருபவை. அதனால் இந்த எட்டு நிமிடத்தைக் குறைக்காதீர்கள்.

அடுத்த இரண்டு நிமிடம் மொழி மாறும் இடம். பாடக்குறிப்பில் இதற்கென்றே ஒரு கோடு போட்டு எழுதுங்கள். நான்கு சொற்களையும் செய்கையோடு சொல்கிறீர்கள். ‘ஃபோர்த்’ என்ற சொல்லுக்கு மட்டும் தமிழில் ஒரு வாக்கியம் தேவை. நம் பிள்ளைகளுக்கு ஃபோர்த் என்றால் ஃபோர்த் ஸ்டாண்டர்டு, அதாவது அவர்கள் இருக்கும் வகுப்பு. ‘ஒன் ஃபோர்த்’ என்று கேட்டதும் ஒன்று, நான்காவது என்று இரண்டு தனிச் சமாச்சாரம் மனதில் ஓடுகிறது. ‘நம்ம கிளாஸ் ஃபோர்த் வேற, இந்த ஃபோர்த் நாலு சம பங்குல ஒரு பங்கு’ என்று நீங்கள் சொல்லப்போகும் வாக்கியத்தை அப்படியே குறிப்பில் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் யோசித்துச் சொன்னால் நீண்டுவிடும்.

பிறகு பதினான்கு நிமிடம் ஆங்கிலம் மட்டும். ஆளுக்கொரு காகிதப் பட்டை. ‘ஃபோல்ட்’, ‘ஃபோல்ட் அகெய்ன்’, ‘ஓப்பன்’, ‘ஹவ் மெனி ஈக்வல் பார்ட்ஸ்?’, ‘ஷேட் ஒன் பார்ட்’, ‘ஷோ மீ’. பட்டையை இரண்டு முறை மடித்தால் நான்கு பங்கு வரும். சொன்னதும் கையால் செய்து காட்டலாம், தமிழில் சொல்லக் கூடாது. ஒரு பிள்ளை தமிழில் பதில் சொன்னால் தடுக்க வேண்டாம். விதி உங்கள் வாய்க்குத்தான், அவர்கள் வாய்க்கு இல்லை. ஒரு பங்கைத் தீட்டி 1/4, இன்னும் இரண்டைத் தீட்டி 3/4 என்று பட்டை மேலேயே எழுத வைக்கிறீர்கள். பலகையில் ஒரே ஒரு வாக்கியச் சட்டகம்: ‘த்ரீ அவுட் ஆஃப் ஃபோர் ஈக்வல் பார்ட்ஸ் ஆர் ஷேடட்.’

24ஆம் நிமிடத்திலிருந்து எட்டு நிமிடம் பிள்ளைகளுடையது. இருவர் இருவராகத் தங்கள் பட்டையைக் காட்டி, என்ன செய்தோம் என்று வீட்டு மொழியில் சொல்லிக்கொள்வார்கள். பிறகு சட்டகத்தில் எண்ணை மாற்றி ஒரு ஆங்கில வாக்கியம் சொல்வார்கள். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் ஆங்கிலம் கேட்டால் பலகையைப் பார்த்துப் படித்துவிடுவார்கள்.

மீதி எட்டில் ஆறு நிமிடம், அதே 3/4ஐத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்துக் காட்டி முடிச்சுப் போடுவதற்கு. கடைசி இரண்டு நிமிடம் ஒரு துண்டுச் சீட்டு. இவ்விரண்டையும் கீழே தனியாகச் சொல்கிறேன். பாடத்தின் சிக்கலான இடம் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் நன்றாகப் புரிந்த பிள்ளைகள்கூட 3/4 எழுதச் சொன்னால் 4/3 என்று எழுதுகிறார்கள். ஏன்?

நீங்கள் இரண்டு மொழியில் சொல்லும்போது எண்கள் வரிசை மாறி வருகின்றன. ‘நான்கில் மூன்று’ என்று தமிழில் கீழ் எண் முதலில் வருகிறது. ‘த்ரீ ஃபோர்த்ஸ்’, ‘த்ரீ பை ஃபோர்’ என்று ஆங்கிலத்தில் மேல் எண் முதலில் வருகிறது. பிள்ளை காதில் விழுந்த வரிசையில் மேலிருந்து கீழாக எழுதுகிறது. தமிழில் கேட்டால் 4 மேலே போய்விடுகிறது. கணக்கு புரியாததால் வந்த தவறு இல்லை இது. அதனால் எத்தனை படம் வரைந்து பின்னத்தை மறுபடி விளக்கினாலும் சரியாகாது.

இரண்டு காரியம் செய்யலாம். முதலாவது, தமிழில் பேசும் எட்டு நிமிடத்தில் எண்ணாக எதையும் எழுதாதீர்கள். கால், அரை, முக்கால், ‘நாலு சம பங்கில் மூன்று பங்கு’ என்று வாயால் மட்டும். கோடு போட்டு எழுதும் வடிவம் ஆங்கிலக் கட்டத்தில் ‘த்ரீ’ மேலே, ‘ஃபோர்த்ஸ்’ கீழே என்று அறிமுகமாகட்டும். எழுத்தும் ஒலியும் ஒரே திசையில் போகும்.

இரண்டாவது, முடிச்சுப் போடும் ஆறு நிமிடத்தில் இந்த வித்தியாசத்தை ஒளிக்காமல் பிள்ளைகளிடமே காட்டுங்கள். பலகையில் முதலில் குறுக்குக்கோடு மட்டும் போடுங்கள். ‘நான்கில்’ என்று சொல்லிக்கொண்டே கோட்டுக்குக் கீழே 4. ‘மூன்று’ என்று சொல்லி மேலே 3. பக்கத்தில் இன்னொரு குறுக்குக்கோடு. ‘த்ரீ’ என்று மேலே, ‘ஃபோர்த்ஸ்’ என்று கீழே. கை போன பாதை வேறு, வந்து சேர்ந்த பின்னம் ஒன்றே. பிள்ளைகள் காற்றில் விரலால் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கட்டும். பாடக்குறிப்பில் இதை ‘தமிழ்: கோடு, கீழ், மேல். ஆங்கிலம்: கோடு, மேல், கீழ்’ என்று கை அசைவாகவே எழுதி வைத்தால் வகுப்பில் தடுமாற மாட்டீர்கள்.

தமிழில் ‘மூன்றின் கீழ் நான்கு’ என்றும் வாசிக்கலாம். அப்போது வரிசைச் சிக்கலே வராது. மேல் வகுப்புகளுக்கு அது சௌகரியம். ஆனால் முதல் நாளே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பேன். ‘நான்கில் மூன்று’ என்பதில் பொருள் கூடவே வருகிறது: மொத்தம் நான்கு, அதில் எடுத்தது மூன்று. ‘கீழ்’ என்று வாசிக்கும்போது எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

தொகுதி, பகுதி என்ற சொற்களை இங்கிலீஷ் மீடியத்தில் சொல்லலாமா?

முதல் சில வகுப்புகளில் வேண்டாம். டினாமினேட்டருக்குப் பாடநூல் தமிழில் பகுதி என்று பெயர். பேச்சில் பகுதி என்றால் பிரித்த துண்டு. ‘தீட்டிய பகுதி எத்தனை?’ என்று நீங்கள் கேட்டு, பிறகு ‘கீழே இருப்பது பகுதி’ என்றும் சொன்னால், தீட்டிய எண்ணிக்கை கீழே போய் உட்கார்ந்துவிடும். நீங்களே மறுபடி 4/3 வரவழைத்ததாகிவிடும். துண்டுக்கு எப்போதும் ‘பங்கு’ என்றே சொல்லுங்கள். எண்களுக்கு மேல் எண், கீழ் எண் போதும். அப்புறம் ஆங்கிலக் கலைச்சொல் வரும்போது நேராக அதற்கே போய்விடலாம்.

எங்கள் பள்ளியில் தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் ரெண்டும் ஒரே அறையில் உட்கார்கிறார்கள். அவர்களுக்கு?

மேலே சொன்ன வரிசை அப்படியே போகட்டும். மடிப்பதும் தீட்டுவதும் செய்கையால் புரிந்துவிடும் என்பதால் ஆங்கிலக் கட்டத்தில் தமிழ்வழிப் பிள்ளைகள் விடுபட மாட்டார்கள். பேசும் கட்டத்தில் அவர்களுக்கு ஆங்கிலச் சட்டகத்துக்குப் பதில் ‘நான்கு சம பங்குகளில் மூன்று பங்குகள் தீட்டப்பட்டுள்ளன’ என்ற வாக்கியம். தொகுதி, பகுதி அவர்கள் தேர்வில் வரும் என்பதால் அடுத்த வகுப்பில், ஆங்கிலவழிப் பிள்ளைகள் நியூமரேட்டர் எழுதும் நேரத்தில், அவர்களைத் தனியாக உட்காரவைத்து அறிமுகப்படுத்துங்கள். இரண்டு சோடிச் சொற்களையும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம்.

பலகையில் எப்படிப் பிரித்து எழுதுவது?

இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம், நடுவில் படமும் பின்னமும். ஆண்டு முழுவதும் இடம் மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் எழுத வேண்டியதில்லை. தமிழ்ப் பக்கம் கால், அரை, முக்கால் மட்டும் இருந்தாலே போதும்.

வீட்டில் தெலுங்கும் இந்தியும் பேசும் பிள்ளைகளுக்கு நம் தமிழ் முன்னோட்டம் எப்படி உதவும்? எனக்கு அந்த மொழிகள் தெரியாதே.

இருவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டாம். வடசென்னையில் தெலுங்கு வீட்டுப் பிள்ளை தெருவில் தமிழ் பேசித்தான் வளர்கிறது. தமிழ் முன்னோட்டம் அதற்குப் பெரும்பாலும் போதும். தெலுங்கிலும் ‘நாலுகிண்ட மூடு’ என்று கீழ் எண்தான் முதலில் வரும். அதனால் தமிழ்ப் பிள்ளைக்கு வரும் அதே வரிசைக் குழப்பம் அதற்கும் வரலாம், அதே மருந்துதான்.

போன மாதம் பீகாரிலிருந்து வந்த பிள்ளைக்குத் தமிழும் புதிது, ஆங்கிலமும் புதிது. உங்கள் எட்டு நிமிடத் தமிழ் அந்தப் பிள்ளைக்கு இருட்டு. ஆனால் கால், அரை, முக்கால் என்ற கணக்கு அதற்குத் தெரியும், வேறு பெயரில். இந்தியில் பாவ், ஆதா, தீன் பாவ். தெலுங்கில் பாவு, அர, முப்பாவு. காய்கறி எடை போடுகிற இடத்தில் எல்லா வீட்டிலும் புழங்கும் சொற்கள் இவை. உங்களுக்கு அந்த மொழி தெரிய வேண்டியதில்லை, இந்த மூன்று மூன்று சொற்கள் போதும். பாடக்குறிப்பின் அறிமுகப் பகுதியில் அவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, கால் கிலோ தக்காளியைப் பற்றிப் பேசும்போது ‘கால், பாவு, பாவ்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை சட்டென்று நிமிர்ந்து பார்ப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

இந்தியில் ‘தீன் பட்டா சார்’ என்று மேல் எண் முதலில் வரும், ஆங்கிலத்தைப் போல. எனவே இந்தி பேசும் பிள்ளை 3/4ஐச் சரியாக எழுதிவிட்டு, நீங்கள் தமிழில் முடிச்சுப் போடும் அந்த ஆறு நிமிடத்தில்தான் குழம்பும். அந்த நேரத்தில் அதைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம், அதனால் அந்தப் பிள்ளையும் தமிழ் படிக்கத்தான் போகிறது. அந்த வேலையைத் தமிழ் வகுப்பு பார்த்துக்கொள்ளும். பின்ன வகுப்பில் அதற்குக் கணக்குதான் முக்கியம்.

சோடி சேர்க்கும்போது இந்தி பேசும் இருவரை ஒன்றாக உட்காரவையுங்கள். பிரித்து உட்காரவைத்தால் தமிழ் சீக்கிரம் வரும் என்று சொல்வார்கள். பேச்சுத் தமிழ் வரலாம்தான். ஆனால் தான் செய்ததை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் எட்டு நிமிடம் அந்தப் பிள்ளைக்கு வீணாகிவிடும். அவர்கள் இந்தியில் பேசுவது உங்களுக்குப் புரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கையில் இருக்கும் பட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியில் பரீட்சை இங்கிலீஷில்தானே? பிள்ளை தப்புச் செய்தால் கணக்கு வரவில்லையா, மொழி வரவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குத்தான் கடைசி இரண்டு நிமிடச் சீட்டு. இரண்டே கேள்வி. முதலாவதில் படம் மட்டும்: ஐந்து சம பங்காகப் பிரித்த பட்டை, இரண்டு பங்கு தீட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம். சொல் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாவதில் அதேபோல ஐந்தாகப் பிரித்த, தீட்டாத பட்டை, கீழே ‘ஷேட் டூ ஃபிஃப்த்ஸ்’ என்று ஒரு வரி, பிள்ளைகள் படிக்கும் ஆங்கில எழுத்தில். கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

இரண்டும் சரியென்றால் மேலே போகலாம். படம் சரி, வாக்கியம் தவறு என்றால் பின்னம் புரிந்திருக்கிறது, ஆங்கில வரி பிடிபடவில்லை. அந்தப் பிள்ளைக்கு மறுபடி பின்னம் நடத்தி நேரத்தை வீணாக்காதீர்கள், சட்டக வாக்கியத்தை இன்னும் நாலு எண்ணோடு சொல்ல வையுங்கள். படத்துக்கே 5/2 என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன வரிசைக் குழப்பம். படத்துக்கு 2/3 என்று எழுதியிருந்தால்தான் உண்மையான கணக்குச் சிக்கல். தீட்டியதையும் தீட்டாததையும் ஒப்பிட்டிருக்கிறது அந்தப் பிள்ளை, முழுப்பொருளைப் பார்க்கவில்லை. அதற்குத் தமிழில்தான் மறுபடி பேச வேண்டும், வீட்டு மொழி இந்தி என்றால் பக்கத்துப் பிள்ளை வழியாகவாவது. இரண்டாவது கேள்விக்குச் சரியாகத் தீட்டி, முதலாவதைத் தவறவிடுவதும் நடக்கும். அப்போது எழுதும் வடிவம்தான் பழகவில்லை.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பார்க்கப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சீட்டை வைத்து நிலை பிரிக்காதீர்கள். மொழியில் அரும்பாக இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம். ஒரே நிலையில் இரண்டையும் அடக்கினால், ஆங்கில வரி புரியாத ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கீழ்நிலைப் பயிற்சித்தாளோடு உட்கார்ந்திருக்கும்.

தலைமையாசிரியரும் பார்வைக்கு வரும் அதிகாரியும் வழக்கமான தலைப்புகளில்தான் எதிர்பார்க்கிறார்கள். இதை எங்கே நுழைப்பது?

தலைப்பை மாற்ற வேண்டாம். அறிமுகம், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டுதல், மதிப்பீடு என்று நீங்கள் எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு சிறிய கட்டம் போட்டு ‘த’, ‘ஆ’, ‘பி’ என்று குறியுங்கள்: தமிழ், ஆங்கிலம், பிள்ளையின் விருப்பம். கூடவே நிமிடம். வகுப்பைப் பார்ப்பவர் நுழையும்போது நீங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தால், ஓரத்தில் ‘த, 8 நிமிடம்’ என்று எழுதியிருப்பதே விளக்கம். கேட்டால் துண்டுச் சீட்டுகளைக் காட்டுங்கள். இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லாப் பாடத்துக்கும் இவ்வளவு எழுத முடியாது. எப்போது தமிழைக் குறைக்கலாம்?

எல்லாவற்றுக்கும் தேவையில்லை. புதிய கருத்து வரும் வகுப்புக்கு மட்டும் எழுதுங்கள். பயிற்சி வகுப்புக்கு ஓரக் குறியே போதும்.

தமிழைக் குறைப்பதைத் தேதி வைத்துச் செய்யாதீர்கள், பாடத்தை வைத்துச் செய்யுங்கள். பின்னத்தின் மூன்றாவது நான்காவது வகுப்பில் ‘ஃபோல்ட்’, ‘ஈக்வல்’ எல்லாம் கைக்கு வந்திருக்கும். முன்னோட்டம் மூன்று நிமிடத்துக்கு இறங்கிவிடும். ஆனால் 1/2ம் 2/4ம் ஒன்றுதான் என்கிற சமான பின்னம் வரும் நாளில் மறுபடி எட்டு நிமிடத் தமிழுக்குத் திரும்புங்கள். ‘எண் பெரிதாகியும் அளவு ஏன் மாறவில்லை?’ என்று பிள்ளைகள் அன்று சண்டை போடுவார்கள். அந்த வகுப்புக்குக் குறிப்பில் மூன்று வரி எழுதினால் போதும்: அரை லிட்டர் பாலுக்கும் இரண்டு கால் லிட்டருக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி, மொழி மாறும் இடத்தில் ‘சேம்’, ‘ஈக்வல்’ என்ற இரண்டு சொற்கள், கடைசிச் சீட்டில் சொல் இல்லாத இரண்டு பட்டைகள்.